நேர்காணலுக்கு வந்தவருக்கு “வேலை இல்லை” என்று எழுதும் கடிதம்: ‘நிராகரிக்கப்பட்டது’ என்பதற்கு மாற்றாக எந்தச் சொல்?

நூலகத் தெரு

அனைவருக்கும் வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பள்ளியின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். நூலகர் பணியிடம் ஒன்றுக்குத் தமிழ் நாளிதழில் விளம்பரம் கொடுத்ததில் 40-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அவர்களில் 6 பேரை நேர்காணலுக்கு அழைத்து, ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மற்ற ஐவருக்கும் தமிழிலேயே கடிதம் அனுப்ப வேண்டும் என்று தாளாளர் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் இருக்கும் மாதிரிக் கடிதத்தின் முதன்மையான வரி இது:

“தாங்கள் நூலகர் பணிக்கு அளித்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்பது இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.”

ஐவரில் ஓர் அம்மையார் ஒரு கல்லூரி நூலகத்தில் பல ஆண்டுகள் தற்காலிகப் பணியில் இருந்தவர். நேர்காணலில் அவர் சொன்ன பதில்களில் குறை காண எதுவுமில்லை. அவருக்கு இந்த வரியை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ‘நிராகரிக்கப்பட்டது’, ‘மறுக்கப்பட்டது’ என்பவற்றுக்கு மாற்றாக, செய்தியை மறைக்காமலும் ஆளைக் காயப்படுத்தாமலும் சொல்லக்கூடிய சொற்கள் எவை?

மருதன்

சிக்கல் ‘நிராகரித்தல்’ என்ற வடசொல்லில்தான் இருக்கிறது. அதன் ஓசையிலேயே ஒரு கடுமை உண்டு. நல்ல தமிழில் எழுதினால் கடிதம் தானாகவே மென்மையாகிவிடும். ‘ஏற்கப்படவில்லை’, ‘புறந்தள்ளப்பட்டது’, ‘புறக்கணிக்கப்பட்டது’ என்று எத்தனையோ சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

உறையூர் வாசி

அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ்க் கடித வரைவுகளைத் திருத்துவதுதான் என் பணியின் பெரும்பகுதி.

மருதன் சொன்னவற்றில் ‘ஏற்கப்படவில்லை’ என்பது பயன்படும். மற்ற இரண்டும் ‘நிராகரித்தல்’ என்பதைவிடப் பலமடங்கு கடுமையானவை. ‘நிராகரித்தோம்’ என்றால் பார்த்தோம், வேண்டாம் என்று முடிவு செய்தோம் என்றாவது பொருள்படும். ‘புறக்கணித்தோம்’ என்றால் பொருட்படுத்தவே இல்லை என்று பொருள். நேர்காணலுக்கு அழைத்து அரை மணி நேரம் பேசிவிட்டு, பிறகு ‘உங்களைப் பொருட்படுத்தவில்லை’ என்று யாரும் எழுத மாட்டார்கள். ஒரு சொல் வடசொல்லா தென்சொல்லா என்பதற்கும் அது புண்படுத்துமா என்பதற்கும் தொடர்பில்லை.

‘நிராகரிப்பு’ என்ற சொல்லின் உண்மையான குறை அது இங்கே பிழையான செய்தியைச் சொல்கிறது என்பதுதான். ஆளெடுப்பில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. முதலில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறோம். கையொப்பம் இல்லாதது, கடைசி நாளுக்குப் பின் வந்தது, கேட்ட கல்வித் தகுதி இல்லாதது ஆகியவற்றை ஒதுக்குகிறோம். அந்த இடத்துக்கு உரிய சொல்தான் ‘நிராகரிப்பு’. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கைகளில் ‘முழுமையற்ற விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும்’ என்று வருவது இந்தப் பொருளில்தான். இரண்டாவது கட்டத்தில், தகுதியுள்ளவர்கள் பலருக்குள் ஒருவரை எடுக்கிறோம். நேர்காணல்வரை வந்த ஒருவரின் விண்ணப்பத்தை நாம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டோம். அவருக்கு ‘விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதினால், தம் தாள்களில் ஏதோ குறை இருப்பதாகத்தான் அவர் எண்ணுவார்.

நூலகத் தெரு

அம்மா, நீங்கள் சொல்வது அப்படியே நடந்திருக்கிறது. சென்ற ஆண்டு ஆய்வக உதவியாளர் பணிக்கு இதே மாதிரிக் கடிதம்தான் போனது. அதைப் பெற்ற ஒருவர், ‘எந்தச் சான்றிதழ் குறைகிறது, மறுபடி அனுப்பட்டுமா?’ என்று தொலைபேசியில் கேட்டார். அப்போது அவருக்குக் கடிதம் புரியவில்லை என்று நினைத்தோம்.

ஒசூர்த் தொழிலகம்

நான் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். நாங்கள் தலைமையகத்திலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்தைத் தமிழாக்கிப் பயன்படுத்துகிறோம்: “கவனமான பரிசீலனைக்குப் பிறகு, நாங்கள் மற்ற வேட்பாளர்களுடன் முன்னே செல்ல முடிவு செய்துள்ளோம்.” இதில் ‘நிராகரிப்பு’, ‘மறுப்பு’ எதுவும் இல்லை. பயிற்சித் தொழிலாளர் வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இதைத்தான் அனுப்புகிறோம். யாரும் குறை சொன்னதில்லை.

உறையூர் வாசி

குறை சொல்லாததற்குக் காரணம் பலருக்கு அது விளங்காததாகவும் இருக்கலாம், ஐயா. ‘வேட்பாளர்’ என்றதும் தமிழர் மனத்தில் வருவது தேர்தல். வேலை கேட்டவர் ‘விண்ணப்பதாரர்’. ‘முன்னே செல்ல’ என்பது தமிழில் நடந்து போவதைத்தான் சொல்லும். மற்றவர்களுடன் முன்னே செல்கிறார்கள், சரி, எனக்கு என்ன ஆயிற்று என்று படிப்பவர் கேட்பார். ‘வேறொருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம்’ என்ற ஒரு வரி இதையே சொல்லிவிடும். என் கணிப்பில் மிக நாகரிகமான வாசகமும் அதுதான். ஏனென்றால் அதில் ‘இல்லை’ என்ற சொல்லே வரவில்லை, ஆனாலும் முடிவு என்ன என்பதில் ஐயம் இல்லை.

செந்தாமரை

எனக்கும் இதே சிக்கல்தான். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் எனக்கு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. எனக்குப் போக விருப்பமில்லை. ‘தங்கள் வாய்ப்பை நிராகரிக்கிறேன்’ என்று எழுதலாமா?

உறையூர் வாசி

அம்மா, இங்கே பேசுவது வேலை தருபவர் எழுதும் கடிதத்தைப் பற்றி. உங்களுடையது எதிர்த்திசையில் போகும் கடிதம். ‘தாங்கள் வழங்கிய பணிவாய்ப்புக்கு நன்றி. குடும்பச் சூழல் காரணமாக அதை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்’ என்று எழுதுங்கள். காரணம் வேறாக இருந்தால் ‘சொந்தக் காரணங்களால்’ போதும். ‘மறுக்கிறேன்’ என்ற சொல் உங்களுக்குத்தான் ஓரளவு பொருந்தும், ஏனென்றால் ஒருவர் கொடுக்க வந்ததைத்தான் மறுக்க முடியும். பள்ளியின் கடிதத்தில் ‘மறுக்கிறோம்’ என்று எழுதினால், விளம்பரம் கொடுத்து அவர்களை அழைத்ததே நாம்தான் என்பது மறந்துபோய், அவர்கள் கேட்டு வந்து நின்றதுபோல் ஆகிவிடும்.

விளாத்திகுளம்

என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டுறவு நிறுவனத்தில் கணக்கர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். பிறகு வந்த கடிதத்தில், “தற்போது தங்களுக்கு வாய்ப்பளிக்க இயலாத சூழல் நிலவுகிறது. தங்கள் விண்ணப்பம் எங்கள் கோப்பில் பாதுகாக்கப்பட்டு, உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படும்” என்று இருந்தது. ‘தற்போது’, ‘உரிய நேரத்தில்’ என்ற சொற்களை நம்பி, வந்த இன்னொரு வேலையையும் தள்ளிப்போட்டேன். மூன்று மாதம் கழித்து நேரில் போய்க் கேட்டபோதுதான், அந்த இடத்துக்கு எப்போதோ ஆள் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தால் ஒரு நாள் வருந்தியிருப்பேன், அவ்வளவுதான். எனவே நாகரிகம் என்று சொல்லிக்கொண்டு செய்தியை மங்கலாக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒசூர்த் தொழிலகம்

‘கோப்பில் வைத்திருக்கிறோம்’ என்பது ஒரு மரியாதைக்காக எழுதுவது. எல்லோருக்கும் அது தெரியும்.

விளாத்திகுளம்

எனக்குத் தெரியவில்லை, ஐயா. முதல் வேலைக்கு அலையும் எவருக்கும் தெரியாது.

கொக்குவில்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கடிதங்களில் வழக்கமாக வரும் வாசகம், “நேர்முகப் பரீட்சையின் அடிப்படையில் தாங்கள் இப்பதவிக்குத் தெரிவு செய்யப்படவில்லை என்பதை அறியத்தருகின்றோம்” என்பதாகும். கேட்பதற்குச் சற்று நேரடியாக இருந்தாலும் அதில் மயக்கம் இல்லை. தமிழ்நாட்டில் நீங்கள் எழுதும் ‘தேர்வு செய்யப்படவில்லை’, ‘தேர்வு பெறவில்லை’ என்பவற்றைப் பார்க்கும்போது, பரீட்சையில் தவறிவிட்டதாகப் பொருள் வருமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உங்களுக்கு அப்படித் தோன்றுவதில்லையா?

உறையூர் வாசி

தோன்றும், ஐயா. ‘தேர்வு’ என்ற ஒரே சொல்லை இங்கே பரீட்சைக்கும் ஆள் எடுப்பதற்கும் வைத்துக்கொண்டோம். ‘தேர்வு பெறவில்லை’ என்றால் பாதிப் பேர் தேர்ச்சி பெறவில்லை என்றே படிப்பார்கள். தேர்ச்சி பெறாதவருக்கும் தேர்ந்தெடுக்கப்படாதவருக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் இந்தக் கடிதத்தின் உயிர். உங்கள் ‘தெரிவு’ அந்த மயக்கத்தைத் தவிர்க்கிறது. ஆனால் இங்கே தென்காசியில் ஒருவருக்கு ‘தெரிவு’ என்று எழுதினால் சற்று அயலாகப் படும். எனவே பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு, ‘தேர்ந்தெடுத்துள்ளோம்’ என்று வினையாகவே எழுதுவது நல்லது.

இன்னொன்றும் பாருங்கள். ‘தாங்கள் தெரிவு செய்யப்படவில்லை’ என்ற வரியில் எழுவாய் யார்? விண்ணப்பித்தவர். அந்த ‘இல்லை’ முழுவதும் அவர்மேல் வந்து விழுகிறது. ‘விண்ணப்பம் ஏற்கப்படவில்லை’ என்றால் அது தாளின்மேல் விழும். ஆனால் முன்பு சொன்ன குழப்பம் திரும்பிவிடும். ‘இப்பணியைத் தங்களுக்கு வழங்க எங்களால் இயலவில்லை’ என்றால் குறை எழுதுபவர் பக்கம் வந்துவிடுகிறது. கடிதம் எழுதும் பள்ளிதான் முடிவெடுத்தது. எனவே அந்த வரிக்கு எழுவாயாக இருக்க வேண்டியதும் பள்ளிதான். வரைவுகளைத் திருத்தும்போது, வாக்கியத்தின் எழுவாய் எது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். எழுவாயை மாற்றினாலே பெரும்பாலும் கடுமை போய்விடும், வேறு சொல் தேட வேண்டியிராது.

அதே காரணத்துக்காக ‘முடியாது’, ‘இயலாது’ என்று எதிர்காலத்துக்கும் சேர்த்துக் கதவை அடைக்காமல், ‘இயலவில்லை’ என்று நடந்து முடிந்த ஒரு முடிவாக மட்டும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அவர் மறுபடி விண்ணப்பிக்க அது தடையாக இராது.

மருதன்

அம்மா, ‘புறக்கணித்தல்’ பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ‘இயலவில்லை’ என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இருக்கிறது. இயலாமை என்றால் செய்ய விருப்பம் இருந்தும் ஆற்றல் இல்லாமை. பள்ளிக்கு அந்த அம்மையாருக்கு வேலை கொடுக்கும் ஆற்றல் இருந்தது. வேறொருவருக்குக் கொடுக்க விரும்பியது. விருப்பத்தை இயலாமை என்று எழுதுவது உண்மையா?

உறையூர் வாசி

நியாயமான கேள்வி. இந்தப் பள்ளியைப் பொறுத்தவரை உண்மை என்றே சொல்வேன்: இடம் ஒன்று, அதில் ஒருவரை அமர்த்திய பிறகு இன்னொருவருக்குக் கொடுக்க உண்மையிலேயே இயலாது. அந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதினால், ‘ஒரே பணியிடம் என்பதால் தங்களுக்கு வாய்ப்பளிக்க இயலவில்லை’ என்பது சரியான வாக்கியம். மாறாக, மூன்று இடங்கள் இருந்து இரண்டை மட்டும் நிரப்பிவிட்டு, மூன்றாவதை மறுபடி விளம்பரம் செய்யப் போகிறார்கள் என்றால், ‘இயலவில்லை’ பொய்யாகிவிடும். அந்த நிலையில் நான் எழுத விரும்புவது: ‘இப்பணிக்கு நாங்கள் எதிர்பார்த்த அனுபவம் வேறாக இருப்பதால், தங்களை நியமிக்கவில்லை.’ அது சற்று வலிக்கும். ஆனால் அடுத்த மாதம் அதே விளம்பரத்தைப் பார்க்கும்போது அவர் ஏமாற்றப்பட்டதாக உணர மாட்டார்.

மருதன்

ஒரே பணியிடம் என்ற இடத்தில் ஒத்துக்கொள்கிறேன். பொதுவான மாதிரிக் கடிதத்தில் ‘இயலவில்லை’யை வைப்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது, எழுதுபவர் யாரும் இடங்களின் எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்லை மாற்றப் போவதில்லை.

நூலகத் தெரு

இதுவரை சொன்னவற்றை வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

“மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம். எங்கள் பள்ளியின் நூலகர் பணிக்கான நேர்காணலில் தாங்கள் பங்கேற்றமைக்கு நன்றி. தங்களைவிடக் கூடுதல் தகுதி வாய்ந்த ஒருவரை இப்பணிக்குத் தேர்ந்தெடுத்துள்ளோம். ஒரே பணியிடம் என்பதால் தங்களுக்கு வாய்ப்பளிக்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.”

உறையூர் வாசி

மிகவும் தேறிவிட்டது. மூன்று இடங்களைத் திருத்தச் சொல்வேன்.

‘தங்களைவிடக் கூடுதல் தகுதி வாய்ந்த’ என்பதை எடுத்துவிடுங்கள். மென்மையாக எழுதுவதாக நினைத்து எல்லோரும் சேர்க்கும் வரி இது. ஆனால் அது ஒருவரை இன்னொருவருக்கு அருகில் நிறுத்தி அளந்து காட்டுகிறது. சிற்றூரில் யார் அந்த வேலைக்கு வந்தார் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். வந்தவரின் பட்டமும் அனுபவமும் இவருடையதைவிடக் குறைவு என்று தெரிந்தால், உங்களிடம் விளக்கம் கேட்பார். கேட்பதில் நியாயமும் இருக்கும். ‘வேறொருவரை’ என்று மட்டும் இருக்கட்டும்.

அடுத்தது வாழ்த்து. அந்த அம்மையாருக்கு வயது என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. பல ஆண்டு அனுபவம் என்றால் நாற்பதைத் தாண்டியிருக்கலாம். பெரியவர் சிறியவரை வாழ்த்துவதுதான் நம் வழக்கம். வேலை கொடுக்காத அலுவலகம், அதிலும் கையெழுத்திடுபவர் அவரைவிட இளையவர் என்றால், ‘எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்’ என்பது ஒட்டாது. அதற்குப் பதிலாக நேர்காணலில் நீங்கள் உண்மையில் கவனித்த ஒன்றை எழுதுங்கள்.

கடைசியாக, விளாத்திகுளம் நண்பர் சொன்ன கோப்பு. அவருடைய சான்றிதழ் நகல்கள் உங்களிடம் இருந்தால் கடிதத்துடன் திருப்பி அனுப்பிவிடுங்கள். தம் தாள்கள் கைக்கு வந்தவர் அந்த வேலைக்காகக் காத்திருக்க மாட்டார்.

நூலகத் தெரு

அவருக்கு 46 வயது. கடிதத்தில் கையெழுத்திடப்போகும் எங்கள் தலைமையாசிரியருக்கு 38. வாழ்த்தை எடுத்துவிடுகிறேன். நூலகத்துக்கு வராத குழந்தைகளை வரவைக்க, வகுப்புக்கே நூல்களை எடுத்துச் செல்லும் திட்டம் ஒன்றை அவர் விரிவாகச் சொன்னார். குழுவில் எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். அதை எழுதலாமா?

உறையூர் வாசி

எழுதலாம். ஆனால் அந்தத் திட்டத்தைப் பள்ளி எடுத்துச் செயல்படுத்தப் போகிறது என்றால், அவருடைய ஒப்புதலைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். வேலை கொடுக்காமல் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் நினைக்க இடம் கொடுக்கக் கூடாது.

ஒசூர்த் தொழிலகம்

இவ்வளவு தனித்தனியாக எழுதுவது ஐந்து பேருக்குச் சரி. எங்களுக்கு ஒரு பணிக்கே நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வருகின்றன. எங்கள் மாதிரிக் கடிதத்தை ‘இப்பணிக்கு வேறு விண்ணப்பதாரர்களைத் தேர்ந்தெடுத்துள்ளோம்’ என்று மாற்றச் சொல்லி மேலே எழுதப்போகிறேன். காரணம் கேட்டு வருபவர்களுக்கு என்ன சொல்வது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் சட்ட ஆலோசகர், எழுத்தில் காரணமே கொடுக்கக் கூடாது என்கிறார்.

விளாத்திகுளம்

காரணம் ஒரு வரி கிடைத்திருந்தால் எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கும். கணக்கு மென்பொருள் தெரியாததுதான் காரணம் என்று பிறகு வேறொருவர் வழியாகத் தெரிந்துகொண்டேன். இரண்டு மாதத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம் அது.

உறையூர் வாசி

இதில் நான் இருவர் பக்கமும் நிற்கிறேன். கற்றுக்கொள்ளக்கூடிய, சான்றிதழால் காட்டக்கூடிய ஒன்று காரணமாக இருந்தால், கேட்பவருக்குச் சொல்வது நல்லது. ‘பொருத்தமாகத் தோன்றவில்லை’ என்பது காரணமே அல்ல; அதைச் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல். கடிதத்திலேயே காரணத்தை எழுதலாமா என்பதில் நான் பணியாற்றிய அலுவலகத்திலும் ஒத்த கருத்து இருந்ததில்லை.

கொக்குவில்

ஒரு விடயத்தை நினைவூட்ட விரும்புகிறேன். தெரிவானவர் வந்து பணியை ஏற்றுக்கொண்டாரா? அவர் வராமல் போனால் இரண்டாம் நிலையில் இருப்பவரைத்தானே அழைப்பீர்கள்? இந்தக் கடிதம் போன பின் அவரை மறுபடி அழைப்பது கடினம்.

நூலகத் தெரு

அந்த அம்மையார்தான் இரண்டாம் நிலையில் இருப்பவர். தேர்ந்தெடுக்கப்பட்டவர் அடுத்த மாதம் 1-ஆம் தேதி பணியில் சேர்வதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் சேரவில்லை.

உறையூர் வாசி

அப்படியென்றால் கொக்குவில் ஐயா சொன்னது மிக முக்கியம். மற்ற நால்வருக்கும் கடிதத்தை இப்போதே அனுப்பலாம். அம்மையாருக்கு இப்போது அனுப்ப வேண்டியது வேறொரு கடிதம்: “இப்பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம். அவர் பணியில் சேராத நிலை ஏற்பட்டால், அடுத்ததாகத் தங்களையே அழைக்கக் குழு முடிவு செய்துள்ளது. எந்த நிலையிலும் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் தங்களுக்கு உறுதியான தகவல் தெரிவிப்போம். இதற்கிடையில் வேறு பணிவாய்ப்பு வந்தால் தாங்கள் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம்.” தேதி கட்டாயம் இருக்க வேண்டும். ‘உரிய நேரத்தில்’ என்று எழுதினால் விளாத்திகுளம் நண்பருக்கு நேர்ந்ததே இவருக்கும் நேரும்.

நூலகத் தெரு

நால்வருக்கான கடிதம் இப்படி முடிந்திருக்கிறது:

“எங்கள் பள்ளியின் நூலகர் பணிக்கான நேர்காணலில் தாங்கள் பங்கேற்றமைக்கு நன்றி. இப்பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம். ஒரே பணியிடம் என்பதால் தங்களுக்கு வாய்ப்பளிக்க இயலவில்லை, இதற்காக வருந்துகிறோம். தாங்கள் அளித்த சான்றிதழ் நகல்களை இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளோம்.”

இதற்குக் கீழே ஒவ்வொருவருக்கும் நேர்காணல் குறித்து ஒரு தனி வரி சேர்க்கிறேன். அம்மையாருக்கு நீங்கள் எழுதித் தந்த கடிதத்தைத் தாளாளரிடம் காட்டினேன். இரண்டாம் நிலையில் இருப்பதை எழுத்தில் கொடுக்க அவர் தயங்குகிறார். தொலைபேசியில் சொன்னால் போதாதா என்று கேட்கிறார். வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது, அங்கே பேசி முடிவெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

விளாத்திகுளம்

எழுத்திலேயே கொடுக்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் கேட்ட தேதி நினைவில் நிற்காது. குடும்பத்தாரிடம் காட்டவும் கையில் எதுவும் இராது.